காணொலிப் பாடமும் கட்டம் போட்ட சேலையும்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் குவிலென்சு ஏற்படுத்தும் பிம்பங்களுக்கான கதிர்ப்படங்களை நான் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று முறையாவது கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். சென்ற ஆண்டு அதைக் கைபேசியில் காணொலியாகவும் எடுத்து, வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினேன். வகுப்பில் செவித்திறன் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். காதுக்கருவி அணிந்திருந்தாலும் பெரும்பாலும் உதட்டசைவையும் கையசைவையும் பார்த்துத்தான் பாடத்தைப் புரிந்துகொள்வாள். அவள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும் என்ற எண்ணத்தில்தான் அந்தக் காணொலியையே எடுத்தேன்.

மறுநாள் அவளது நோட்டைத் திறந்தேன். பொருள் F-க்கும் 2F-க்கும் இடையில் இருக்கும்போது பிம்பம் 2F-க்கு அப்பால் பெரிதாக விழ வேண்டும். அவளோ பிம்பத்தைத் தோராயமாக ஓரிடத்தில் வரைந்து வைத்திருந்தாள். ஒரே ஒரு கதிர்தான் இருந்தது. இரண்டு கதிர்கள் சந்திக்கும் இடத்தில்தானே பிம்பம்? இரண்டாவது கதிரை ஏன் வரையவில்லை என்று கேட்டேன். "மிஸ், நீங்க ஒண்ணுதான் போட்டீங்க" என்றாள். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. கவனிக்காமல் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வாரம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னுடன் வாதிடவில்லை. "டீச்சர், அந்தப் பாப்பா வீட்டுல எந்தக் கைபேசில பார்க்குதோ, அதுல ஒரு தடவை நீங்களே பாருங்க. சத்தத்தை அணைச்சிட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். மாலையில் அவள் அம்மா பள்ளிக்கு வந்தபோது அவரது கைபேசியை வாங்கிப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் சிறிய விரிசல் இருந்த பழைய கைபேசி அது. காணொலி ஓடத் தொடங்கியதும் எனக்கே திகைப்பாக இருந்தது.

நான் அன்று உடுத்தியிருந்தது சந்தன நிறத்தில் பழுப்புப் பொடிக்கட்டம் போட்ட பருத்திச் சேலை. திரையில் அந்தக் கட்டங்களைக் காணோம். அவற்றுக்குப் பதிலாக அகலமான பட்டைகள் என் தோளிலிருந்து இடுப்பு வரை நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. நான் மூச்சு விட்டால்கூட அவை ஓடின. கண் தானாக அங்கேதான் போயிற்று. உதட்டைப் பார்க்க முடியவில்லை. என் கை உடலுக்கு முன்னால் வரும்போதெல்லாம் சேலையின் நிறத்தோடு கலந்து மறைந்தது. இரண்டாவது கதிரை நான் சிவப்பு சாக்பீஸால் வரைந்திருந்தேன். திரையில் பலகைமேல் அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியவில்லை. அந்தப் பிள்ளை சொன்னது உண்மைதான். அவள் பார்த்த படத்தில் கதிர் ஒன்றுதான் இருந்தது.

இந்த மூன்று பிழைகளையும் திருத்த முயன்றபோது கற்றுக்கொண்டதைச் சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

பட்டைகள் எங்கிருந்து வந்தன?

வீட்டிலுள்ள இரண்டு சீப்புகளை எடுங்கள். ஒன்றின் பற்கள் மற்றதைவிடச் சற்று நெருக்கமாக இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு சீப்பிலுமே இல்லாத அகலமான இருண்ட பட்டைகள் தெரியும். ஒரு சீப்பை மிக மெதுவாக நகர்த்தினால், அந்தப் பட்டைகள் பல மடங்கு வேகமாக ஓடும். கொசுவலை இரண்டாக மடிந்து தொங்கும் இடத்திலும் இதைக் காணலாம். இதற்கு 'முவாரே' என்று பெயர். நீரலைபோல் மினுங்கும் ஒருவகைப் பட்டுத் துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது.

காணொலியில் ஒரு சீப்பு நம் துணி. மற்றொரு சீப்பு படப்புள்ளிகளின் வரிசை. கேமரா காட்சியைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் உள்ள புள்ளிகளில்தான் பதிவு செய்கிறது. துணியின் ஒரு கோடும் அடுத்துள்ள இடைவெளியும் சேர்ந்ததை ஓர் 'அடுக்கு' என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடுக்கைச் சரியாகக் காட்டக் குறைந்தது இரண்டு புள்ளிகளாவது வேண்டும்: கோட்டுக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று. அதற்கும் குறைவாகக் கிடைத்தால் சில கோடுகள் பதிவாகும், சில விடுபடும். விடுபடுவதும் பதிவாவதும் மாறி மாறி வருவதால், துணியில் இல்லாத ஒரு புதிய பட்டை உருவாகிறது.

இதை என் சேலையிலேயே கணக்கிட்டுப் பார்த்தேன். அளவுகோலை வைத்து அளந்தபோது பத்து அடுக்குகள் 30 மி.மீ. இருந்தன, அதாவது ஓர் அடுக்கு 3 மி.மீ. கைபேசியைப் பழைய இடத்தில் வைத்து, திரையின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் தெரியும் இடங்களை ஒரு மாணவனைக் கொண்டு பலகையில் குறிக்கச் சொல்லி அளந்தேன். நான் பலகையை ஒட்டி நின்றதால் அந்த அளவே எனக்கும் பொருந்தும். காட்சியின் அகலம் 2.4 மீட்டர், அதாவது 2400 மி.மீ.

என் கைபேசி பதிவு செய்தது அகலவாக்கில் 1920 புள்ளிகள். 2400-ஐ 1920-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 1.25 மி.மீ. இரண்டு புள்ளிக்கு 2.5 மி.மீ. என் சேலையின் அடுக்கு 3 மி.மீ. என்பதால் மயிரிழையில் தப்பியது. அதனால்தான் என் கைபேசியில் பார்த்தபோது பெரிய குறை தெரியவில்லை.

ஆனால் குழுவில் அனுப்பும்போது காணொலி சுருங்குகிறது. பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் 640 புள்ளி அகலமுள்ள படம். இப்போது 2400-ஐ 640-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 3.75 மி.மீ. இரண்டு புள்ளிக்கு 7.5 மி.மீ. 3 மி.மீ. அடுக்கு அங்கே தப்பிக்கவே முடியாது.

உருவாகும் பட்டையின் அகலத்தையும் கணக்கிடலாம். துணியின் அடுக்கையும் புள்ளியின் இடைவெளியையும் பெருக்கி, அவற்றின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 3 × 3.75 = 11.25, வேறுபாடு 0.75, வகுத்தால் 15 மி.மீ. அதாவது 3 மி.மீ. கட்டம் திரையில் 15 மி.மீ. பட்டையாகத் தெரிகிறது. சேலை 3 மி.மீ. நகர்ந்தால் பட்டை 15 மி.மீ. ஓடும். மூச்சு விடும்போது மார்பு நகரும் அளவு இதற்குப் போதும். ஐந்து மடங்கு பெரிதாக்கப்பட்ட மூச்சைத்தான் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்!

எல்லாச் சுருக்கத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. சில செயலிகள் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சுருக்கும். அப்போது கட்டம் மங்கி ஒரே நிறமாகிவிடும், பட்டை வராது. ஆனால் எந்தப் பிள்ளையின் கைபேசியில் எது நடக்கும் என்று நமக்குத் தெரியாது. வந்தபிறகு நீக்கவும் வழியில்லை. பொய்ப்பட்டை படத்தோடு கலந்துவிட்டால், எது துணி எது பட்டை என்று பிரிக்க முடியாது. எனவே முன்கூட்டியே தவிர்ப்பதுதான் வழி.

எந்தத் துணி ஆகும், எது ஆகாது?

மேலே பார்த்த கணக்கை ஒரே வரியில் சொல்லலாம்: காட்சியின் அகலத்தை மி.மீ.-இல் எடுத்து 320-ஆல் வகுங்கள். கிடைக்கும் எண்ணைவிடத் துணியின் அடுக்கு சிறியதாக இருந்தால் அதை உடுத்தாதீர்கள். 2400 மி.மீ. காட்சிக்கு விடை 7.5. கணக்கே வேண்டாம் என்பவர்கள், விரல் அகலத்துக்குக் குறைந்த கட்டமும் கோடும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன்படி பொடிக்கட்டச் சேலை, கோட்டா சேலை, நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை, பொடிப்புள்ளி ரவிக்கை ஆகியவை ஆகாதவை. கண்டாங்கிச் சேலையின் பெரிய கட்டங்கள் தொல்லை தருவதில்லை. ஒரே நிறப் பருத்திச் சேலையிலும் இழைகள் இருக்கத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். அவை மிக நுண்ணியவை. இரண்டு மீட்டர் தொலைவில் கைபேசியின் லென்சு அவற்றைத் தனித்தனி இழையாகக் காட்டுவதே இல்லை. ஒரே நிறமாகக் குழைத்துவிடுகிறது. ஆக, மிக நுண்மையும் தொல்லையில்லை, மிகப் பெரிதும் தொல்லையில்லை. நடுவில் உள்ளதுதான் ஆபத்து.

துணி மட்டுமல்ல, பின்னால் தெரியும் ஜன்னல் வலையும் இதே வேலையைச் செய்யும். கணினித் திரையையோ ஸ்மார்ட் வகுப்பறைத் திரையையோ கைபேசியால் படமெடுத்தாலும் பட்டைகள் வரும். அங்கே இரண்டு சீப்புகளுமே படப்புள்ளிகள். திரையைக் காட்ட வேண்டுமானால் கணினியிலேயே திரைப்பதிவு செய்துகொள்வது நல்லது.

ஒரு வேறுபாட்டையும் அறிந்துகொள்ளுங்கள். படம் முழுவதும், சுவர் உட்பட, கிடைமட்டப் பட்டைகள் மேலோ கீழோ நகர்ந்தால் அது துணியின் குற்றமன்று, குழல்விளக்கின் துடிப்பு. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் அது போய்விடும். துணியின்மேல் மட்டும் நெளிந்தால்தான் முவாரே.

பொடிக்கட்டம் உடுத்தி வந்த நாளில் அவசரமாகப் படமெடுக்க நேர்ந்தால் என்ன செய்வது? கைபேசியை நெருக்கமாக வைத்துக் காட்சியின் அகலத்தைக் குறைக்கலாம். 2.4 மீட்டரை 1.2 மீட்டராக்கினால் எல்லை 3.75 மி.மீ. ஆகிவிடும், என் சேலைக்கு அதுவும் போதவில்லை. கேமராவைச் சற்றுச் சாய்த்து வைத்தால் பட்டையின் அகலமும் திசையும் மாறும். சில நேரம் கண்ணை உறுத்தாத அளவுக்குக் குறையும். எளிய வழி, ஒரே நிறத் துப்பட்டாவையோ மேலங்கியையோ போட்டுக்கொள்வதுதான். இப்போது என் அலமாரியில் வெளிர் நீல மேலங்கி ஒன்று நிரந்தரமாகத் தொங்குகிறது.

கை ஏன் மறைந்தது? கதிர் ஏன் மறைந்தது?

இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காணொலி, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகச் சேமிக்கிறது. வெளிச்ச அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமிக்கும். நிறத்தையோ, இடத்தை மிச்சப்படுத்த, நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்றுதான் சேமிக்கும். எனவே ஒரு பொருள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டால்தான். நிறம் மட்டும் வேறாக இருந்து வெளிச்சம் ஒன்றாக இருந்தால், சிறிய திரையில் ஓரங்கள் குழம்பிவிடும்.

என் சிவப்புக் கோட்டின் தடிமன் சுமார் 5 மி.மீ. அந்தச் சிறிய படத்தில் அது ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. அதன் நிறம் பக்கத்துப் பச்சையோடு சேர்த்துச் சராசரியாக்கப்பட்டது. சரி, வெளிச்ச வேறுபாடாவது கைகொடுத்ததா? வெளிச்சத்தைக் கணக்கிடும்போது நூற்றுக்குப் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30 பங்கு, நீலத்துக்கு 11 பங்கு என்று எடுத்துக்கொள்ளும் முறை தொலைக்காட்சிக் காலத்திலிருந்தே உள்ளது. நம் கண்ணின் உணர்வை ஒட்டிய பங்கு அது. அதனால் நேரில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, வெளிச்சக் கணக்கில் கரும்பச்சைப் பலகைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நிறமும் போய், வெளிச்சமும் போய், கோடே காணாமல் போனது. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளைகளுக்கு நேரில் பலகையிலும் இதே நிலைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. படமெடுக்கும் இடத்தில் ஒரு நிழற்படம் எடுத்து, கைபேசியிலேயே அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகம், கை, உடை, பலகை, எழுத்து ஆகியவை வெவ்வேறு சாம்பல் நிறங்களாகப் பிரிந்து தெரிந்தால் சரி. இரண்டு பொருள்கள் ஒரே சாம்பலாகிவிட்டால் ஒன்றை மாற்ற வேண்டும்.

நான்கு சேலைகளை எடுத்துவந்து ஒரு நாற்காலியின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டு, பின்னால் பலகை தெரியும்படி படமெடுத்தேன். என் கையையும் துணியின்மேல் நீட்டி வைத்துக்கொண்டேன்.

கிளிப்பச்சை: பலகையைவிட வெளிச்சம் கூடுதல் என்பதால் பிரிந்து தெரிந்தது. ஆனால் கையின் சாம்பலும் துணியின் சாம்பலும் நெருங்கியிருந்தன. பச்சைத் திரை கட்டிய படப்பிடிப்புக் கூடத்துக்குப் போகிறவர்கள் இந்த நிறத்தைத் தொடவே கூடாது. அங்கே பச்சை எங்கிருந்தாலும் கணினி அதை நீக்கிவிட்டுப் பின்னணிப் படத்தை வைக்கும். சேலையின் கரை பச்சையாக இருந்தால்கூட அந்த இடம் ஓட்டையாகிவிடும்.

அரக்கு: நேரில் பார்க்க மிக எடுப்பாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் பலகையோடு ஒன்றிவிட்டது. தலையும் கைகளும் மட்டும் தனியே மிதப்பதுபோல் இருந்தன.

சந்தனம்: பலகையிலிருந்து பிரிந்து தெரிந்தது. ஆனால் பக்கத்திலிருந்த வெளிர்மஞ்சள் சுவரோடு கலந்தது. பழுப்புக் கட்டங்கள் மங்கிச் சேரும்போது துணியே வெளிர்பழுப்பாகி, கையும் அதில் கரைந்தது.

வெளிர் நீலம்: பலகையைவிட வெளிச்சமாகவும், சுவரைவிடச் சற்றுக் கருமையாகவும், கையைவிடத் தெளிவாக வெளிச்சமாகவும் இருந்தது. மூன்றும் பிரிந்தன. இதையே தேர்ந்தெடுத்தேன்.

இந்த விடை என் தோல் நிறத்துக்கும் எங்கள் பள்ளிப் பலகைக்கும் பொருந்தியது. மாநிறத்தைவிட வெளிர்ந்த தோலுடைய ஆசிரியருக்குக் கருநீலமோ அடர் ஊதாவோ பொருந்தலாம். ஆனால் அவர் இருண்ட பலகைக்கு முன் நிற்காமல் வெளிர்ந்த சுவரருகே நிற்க வேண்டியிருக்கும். சைகை மொழிபெயர்ப்பாளர்கள் தம் தோல் நிறத்துக்கு மாறுபட்ட ஒரே நிற உடையை அணிவதன் காரணமும் இதுதான். கை எப்போதும் தெரிய வேண்டும்.

அப்படியானால் தூய வெள்ளையே சிறந்ததல்லவா என்று எங்கள் கணித ஆசிரியர் கேட்டார். அவர் தினமும் வெள்ளைச் சட்டையில்தான் வருவார். அவரையே நிற்கவைத்துப் படமெடுத்தோம். கைபேசி, காட்சியிலுள்ள வெளிச்சத்தைச் சமன்படுத்த முயல்கிறது. பெரிய வெள்ளைப் பரப்பு வந்ததும் அது மொத்தப் படத்தையும் இருட்டாக்கியது. அவருடைய முகம் கறுத்து, உதட்டசைவு தெரியாமல் போனது. திரையில் அவர் முகத்தின்மீது விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்றவாறு நிலைநிறுத்தினோம். முகம் தெளிவானது, சட்டை வெளுத்து, பொத்தான்கூடத் தெரியவில்லை. "சட்டை போனா போகட்டும் டீச்சர், முகம் தெரியுதே" என்று சிரித்தார். ஆனாலும் வெளிர் நீலச் சட்டையில் எடுத்தபோது இரண்டுமே தெரிந்தன.

இரண்டாம் முறை

ஒரே நிற வெளிர் நீலச் சேலை. முதல் கதிர் வெள்ளை, இரண்டாவது கதிர் மஞ்சள். இரண்டுமே பலகையில் வெளிச்சமாகத் தெரிபவைதான் என்றாலும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், மஞ்சள் கதிரை விட்டுவிட்டு வரையும் புள்ளிக்கோடாகவும், சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடிமனாகவும் வரைந்தேன். கைபேசியைச் சற்று நெருக்கி வைத்து, பேசும்போது மாணவர்கள் பக்கமும் வரையும்போது மட்டும் பலகைப் பக்கமும் திரும்பினேன். வரைந்துகொண்டே பேசவில்லை.

முழுப் பாடத்தையும் எடுக்கும் முன், பத்து விநாடி மட்டும் எடுத்துக் குழுவின் வழியாக என் கணவரின் பழைய கைபேசிக்கு அனுப்பி, சத்தமின்றிப் பார்த்தேன். நெளிவு இல்லை. கை தெரிந்தது. இரண்டு கதிர்களும் தெரிந்தன. அதன்பின்தான் பதினோரு நிமிடப் பாடத்தை எடுத்தேன். முதல் முறை இந்தப் பத்து விநாடியைச் செலவழித்திருந்தால் ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் அவள் நோட்டில் இரண்டு கதிர்கள் இருந்தன. ஒன்று முழுக்கோடு, மற்றது புள்ளிக்கோடு. லென்சின் ஒளிமையத்தின் வழியே வளையாமல் சென்ற புள்ளிக்கோடு, F வழியாக வந்த முழுக்கோட்டை 2F-க்கு அப்பால் வெட்டியது. அங்கே பிம்பம் தலைகீழாக, பொருளைவிடப் பெரிதாக இருந்தது. முந்தைய பக்கத்தில் நான் சிவப்பு மையில் போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் என் கையொப்பத்தை இட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்தச் சேலை ஓடல" என்றாள்.